ஆயிரம் நூல் விரிப்பில் ஆயிரம் நூல் இருக்கிறதா?

மெத்தை விரிப்பு விற்கும் கடைக்கு அம்மாவுடன் போயிருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். 200, 400, 800, 1000 என்று அது ஏறிக்கொண்டே போகும். கூடவே விலையும் ஏறும். கடைக்காரர், "எண் கூடினால் தரம் கூடும்" என்பார். வீட்டில் உள்ளவர்களும் விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுவார்கள். அந்த எண் எதை எண்ணுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் நாம் கேட்போம்.

துணி என்பது இரண்டு வகை நூல்களின் பின்னல். தறியில் நீளவாக்கில் இறுக்கிக் கட்டப்படுபவை பாவு நூல்கள். அவற்றின் ஊடே குறுக்காகப் போய் வருபவை ஊடை நூல்கள். ஓர் அங்குலச் சதுரத்தில், அதாவது 2.54 செண்டிமீட்டர்ச் சதுரத்தில், பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணி இரண்டையும் கூட்டினால் வருவதே நூல் எண்ணிக்கை. பாவு 110, ஊடை 90 என்றால் 200. அவ்வளவுதான்.

அப்படியானால் 1000 என்று போட்ட விரிப்பில் ஓர் அங்குலத்துக்குப் பாவு ஏறக்குறைய 500, ஊடை ஏறக்குறைய 500 இருக்க வேண்டும். ஓர் அங்குலம் என்பது உங்கள் கட்டைவிரலின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். அதற்குள் 500 நூல்கள் அடங்குமா? நூலுக்கும் பருமன் உண்டல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூலின் பருமன்

நெசவாலைகளில் நூலின் மென்மையை ஓர் எண்ணால் குறிப்பார்கள். ஒரு பவுண்டு எடையுள்ள (சுமார் 454 கிராம்) பஞ்சிலிருந்து 840 கெஜ நீளமுள்ள கண்டுகள் எத்தனை கிடைக்கின்றன என்பதுதான் அந்த எண். அறுபதாம் நம்பர் நூல் என்றால் 60 கண்டுகள், அதாவது 50,400 கெஜம். மீட்டருக்கு மாற்றினால் சுமார் 46 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சைக் கோலாலம்பூரிலிருந்து நூலாக இழுத்துக்கொண்டே போனால் கிள்ளானைத் தாண்டிவிடலாம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். விரிப்புகளுக்குப் பெரும்பாலும் 40 முதல் 100 வரையுள்ள நூல்களையே பயன்படுத்துகிறார்கள்.

பருத்தி நூலின் விட்டத்தைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. நம்பரின் வர்க்கமூலத்தை 28ஆல் பெருக்குங்கள். ஓர் அங்குலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு எத்தனை நூல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம் என்பது அந்த விடை.

28 × √60 ≈ 217

ஆக, அறுபதாம் நம்பர் நூலை ஓர் அங்குலத்தில் 217 வரிசைகளாக அடுக்கலாம். ஆனால் அது வெறும் அடுக்கு, துணி அல்ல. துணியாக வேண்டுமானால் குறுக்கே வரும் நூல் இவற்றின் இடையே மேலும் கீழும் நுழைந்தாக வேண்டும். அது நுழையும் இடத்திலெல்லாம் ஒரு நூலின் அகலம் காலியாக இருக்க வேண்டும். எத்தனை இடத்தில் நுழைகிறது என்பதை நெசவு தீர்மானிக்கிறது.

சாதா நெசவும் சேட்டீன் நெசவும்

பருத்தி விரிப்புகளில் நீங்கள் அதிகம் காண்பவை இரண்டு நெசவுகள். முதலாவது சாதா நெசவு. ஊடை ஒரு பாவின் மேல் போகும், அடுத்ததன் கீழ் போகும், மறுபடி மேல், மறுபடி கீழ். பாய் முடைவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நெருக்கமாக நெய்த சாதா நெசவு விரிப்பைக் கடைகளில் பெர்கேல் என்பார்கள். இதில் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் ஒரு நுழைவு இருப்பதால் பாதி இடம் நுழைவுக்கே போய்விடும். 217இல் பாதி 108. பாவு 108, ஊடை 108. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 217.

இரண்டாவது சேட்டீன் நெசவு. இதில் நூல் நான்கின் மேல் தாவி, ஒன்றின் கீழ் நுழையும். ஐந்து நூல்களுக்கு இரண்டே நுழைவுகள். எனவே ஏழு இடங்களில் ஐந்தில் நூல் உட்காரலாம். 217ஐ 5ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 155. இரு திசையும் சேர்த்து 310.

இதே கணக்கை நூறாம் நம்பர் நூலுக்குப் போட்டால் சாதா நெசவில் 280, சேட்டீனில் 400 வரும். இவை உடைக்கவே முடியாத எல்லைகள் அல்ல. ஆலையில் ஊடையை அடித்து இறுக்கும்போது நூல் நசுங்கித் தட்டையாகும். அதனால் உண்மைத் துணி இந்தக் கணக்கைச் சற்றுத் தாண்டலாம். நாற்பதாம் நம்பர் நூலுக்குச் சாதா நெசவில் கணக்குப்படி 177தான் வரும். ஆனால் அந்த நூலில் 200 வரை நெய்கிறார்கள். எட்டில் ஒரு பங்கு கூடுதல் என்றால் நம்பலாம். இரண்டரை மடங்கு கூடுதல் என்றால் எப்படி நம்புவது?

தலைகீழாகவும் கேட்டுப் பார்க்கலாம். சேட்டீனில் உண்மையாகவே 1000 வர எத்தனையாம் நம்பர் நூல் வேண்டும்? ஒரு திசைக்கு 500 வேண்டும். 500ஐ 7ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 700. அதை 28ஆல் வகுத்தால் 25. 25இன் வர்க்கம் 625. அறுநூற்று இருபத்தைந்தாம் நம்பர் நூல்! ஒரு பவுண்டுப் பஞ்சிலிருந்து 480 கிலோமீட்டர் இழுக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் நுழைந்த பிறகும் நூல் மிஞ்சும். அப்படிப்பட்ட நூலில் கட்டில் விரிப்பு நெய்வார் எவருமில்லை.

பிறகு அந்த 1000 எங்கிருந்து வந்தது?

இரண்டு விரிப்புகளை எண்ணிய கதை

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி மெட்ரிகுலேஷன் விடுதிக்குப் புறப்படும் முன் இரண்டு விரிப்புகளைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று, பேரங்காடியில் 239 ரிங்கிட்டுக்கு வாங்கிய அடர் சிவப்பு விரிப்பு. பெட்டியில் '1000' என்று பொன்னிற எழுத்து. மற்றொன்று, ஒரு சிறிய துணிக்கடையில் 119 ரிங்கிட்டுக்கு வாங்கிய இளநீல விரிப்பு. அதில் '200' என்று மட்டும் இருந்தது. இரண்டிலும் நூறு விழுக்காடு பருத்தி என்ற குறிப்பு உண்டு.

"அம்மா செவப்பத்தான் கொண்டுபோகச் சொல்றாங்க டீச்சர். அது வெல கூடினது. எனக்கு நீலந்தான் புடிச்சிருக்கு. எது நல்லது?"

அறிவியல் கழகத்து மாணவர்களுக்கு அன்று வேலை கிடைத்தது. தடித்த அட்டையில் சரியாக 1 செண்டிமீட்டர் பக்கமுள்ள சதுர ஓட்டை வெட்டினோம். அதைத் துணியின் மேல் வைத்து, கைப்பேசிக் கேமராவின் முன் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துப் படம் எடுத்தோம். படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓட்டைக்குள் தெரிந்த நூல்களை ஒருவர் எண்ண, மற்றொருவர் சரிபார்த்தார். மூன்று வெவ்வேறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்தோம். ஓர் இடத்தில் எண்ணி நிறுத்திவிடக் கூடாது. துணி சற்று இழுபட்டிருந்தாலே எண் மாறிவிடும்.

நீல விரிப்பில் ஒரு செண்டிமீட்டருக்குப் பாவு 43, ஊடை 35. 2.54ஆல் பெருக்கினால் 109, 89. மொத்தம் 198. பெட்டியில் 200 என்றது உண்மைதான்.

சிவப்பு விரிப்பு சேட்டீன் நெசவு. அதன் பளபளப்பான பக்கத்தில் தாவிக் கிடக்கும் நூல்கள் அடியிலுள்ளவற்றை மறைத்துவிடும். ஆகவே பின்பக்கத்தையும் படம் எடுத்தோம். பாவு 75, ஊடை 63. பெருக்கினால் 190, 160. மொத்தம் 350! அறுநூற்றைம்பது நூல்களைக் காணவில்லை.

விரிப்பின் ஓர மடிப்பைப் பிரித்து, ஓர் ஊடையை ஊசியால் நெம்பி உருவினோம். ஒரு நூல் வரவில்லை. ஒன்றோடொன்று முறுக்கப்படாமல், பக்கம் பக்கமாகக் கிடந்த ஐந்து மெல்லிய நூல்கள் வந்தன. தறியில் பாவு ஒருமுறை திறக்கும்போது ஒன்றுக்குப் பதில் ஐந்து நூல்களைச் சேர்த்து நுழைத்திருக்கிறார்கள். 160ஐ 5ஆல் பெருக்கினால் 800. அதோடு பாவு 190ஐக் கூட்டினால் 990. அதை 1000 என்று உருட்டி எழுதிவிட்டார்கள்.

இது பொய்யா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நூல்களைத் தனித்தனியே எண்ணினால் 990 இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த ஐந்தும் ஒரே வழியில் ஏறி, ஒரே வழியில் இறங்குகின்றன. பின்னலைப் பொறுத்தவரை அவை ஒரே நாடா. துணி 350க்கு உரிய இறுக்கத்தோடுதான் நடந்துகொள்ளும், 1000க்கு உரியதுபோல் அல்ல.

இதற்கு ஓர் அண்ணன் தந்திரமும் உண்டு. இரண்டு மூன்று நூல்களை ஒன்றாக முறுக்கி ஒரு நூலாக்கிவிட்டு, எண்ணும்போது மட்டும் பிரித்து எண்ணுவது. முறுக்கிய நூலை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது அமெரிக்கத் துணிச் சோதனைத் தரவிதி. பிரித்து எண்ணிப் பெரிய எண்ணைப் போடுவது வாங்குவோரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையத்து அதிகாரிகள் 2005இல் கருத்துரைத்தார்கள். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பெட்டிகளில் எண்கள் சுருங்கியதாகத் தெரியவில்லை.

மெலிந்த நூலின் விலை

ஐந்து நூல்களை ஒரு வழியில் நுழைப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. நீல விரிப்பிலிருந்து உருவிய நூலை இரு கையாலும் பிடித்து இழுத்தபோது அது சற்று நீண்டு, எதிர்த்து, பிறகே அறுந்தது. சிவப்பிலிருந்து வந்த ஐந்தில் ஒன்றைப் பிரித்து இழுத்தால் தொட்டதும் அறுந்தது. மெலிந்த நூல் என்பதால் மட்டுமல்ல. மெலிந்த நூலை உறுதியாக நூற்க நீளமான இழைகள் வேண்டும். சாதாரணப் பருத்தியின் இழை 28 மில்லிமீட்டர் அளவு இருக்கும். மிக நீண்ட இழைப் பருத்தியில் அது 35 மில்லிமீட்டரையும் தாண்டும். அந்தப் பஞ்சு விலை அதிகம். குட்டையான இழைகளை வைத்து மெல்லிய நூல் நூற்றால், இழைகளின் முனைகள் நூலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் படுத்துப் புரளும்போது அந்த முனைகள் உரசிச் சுருண்டு உருண்டை உருண்டையாகத் திரளும். சில மாதங்களில் விரிப்பின் நடுவே, முதுகு படும் இடத்தில், மணல் தூவியதுபோல் சொரசொரப்பு வருகிறதே, அது இதுதான்.

கடையில் இது தெரியாது. புதுத் துணிக்கு வழுவழுப்பான மெழுகுப் பூச்சோ சிலிக்கோன் பூச்சோ கொடுத்திருப்பார்கள். சில சலவைகளில் அது போய்விடும். கையால் தடவிப் பார்த்து விரிப்பு வாங்குவது, பெரும்பாலும் அந்தப் பூச்சை வாங்குவதுதான்.

இதனால் சேட்டீன் மட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல நூலில் நெய்த 300 சேட்டீன் அழகான துணி. தாவிக் கிடக்கும் நீண்ட நூல்களில் ஒளி ஒரே திசையில் பட்டுத் திரும்புவதால் அது பளபளக்கும். நுழைவுகள் குறைவு என்பதால் மடிந்து வளைந்து உடம்போடு ஒட்டி விழும். ஆனால் அதே நீண்ட தாவலில்தான் பூனையின் நகமும் மோதிரமும் சிக்கும். மேலும், நூல்கள் நெருங்கிக் கிடப்பதால் காற்று புகும் வழி குறையும்.

நம் ஊர் இரவுக்கு இது முக்கியம். வியர்வை ஆவியாக வெளியேறினால்தான் உடம்பு குளிரும். சாதா நெசவில் நூல்களுக்கிடையே நேரான சிறு துளைகள் இருக்கும். விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகளாக அவை தெரியும். குளிரூட்டி இல்லாத அறையில், மின்விசிறியை மட்டும் நம்பிப் படுப்பவர்களுக்கு 200 முதல் 300 வரையுள்ள சாதா நெசவுதான் சரி என்பது என் கருத்து. குளிரூட்டியை இரவு முழுதும் ஓடவிடுபவர்கள் சேட்டீனை விரும்பினால் அதிலும் தவறில்லை.

எந்த நெசவானாலும் நூறு விழுக்காடு பருத்தி என்ற வரியை முதலில் தேடுங்கள். 'பருத்தி போன்ற மென்மை' என்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். 20 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் நீராவியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராமைக்கூட வாங்காது.

சாயம்: கட்டிப்போட்டதா, ஒட்டிக்கொண்டதா?

இனி நிறத்துக்கு வருவோம். விடுதியில் எல்லாரும் ஒரே சலவை இயந்திரத்தில் துணியைப் போடுவார்கள். சாயம் போகும் ஒரு விரிப்பு, இரண்டு மூன்று வெள்ளைச் சட்டைகளை இளஞ்சிவப்பாக்கிவிடும். 239 ரிங்கிட்டோடு அந்தச் சட்டைகளின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பருத்தி இழை ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் வரிசையாக ஐதராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த OH தொகுதிகள், நீட்டிக்கொண்டிருக்கும். சாயம் இவற்றோடு எப்படி உறவு கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேரடிச் சாயங்கள் ஒரு வகை. 1884இல் கண்டுபிடிக்கப்பட்ட காங்கோ சிவப்பு இவற்றுக்கு முன்னோடி. துணியை வெந்நீரிலுள்ள சாயத்தில் உப்போடு போட்டால் போதும், நிறம் ஏறிவிடும். மலிவான முறை. ஆனால் இந்த மூலக்கூறுகள் செல்லுலோஸைப் பிடித்திருப்பது ஐதரசன் பிணைப்பு போன்ற மென்மையான ஈர்ப்புகளால் மட்டுமே. நீர் மூலக்கூறுக்கும் அதே பிடி உண்டு. சலவையின்போது நீர் வந்து இடம் கேட்டால் சாயம் எழுந்து போய்விடும்.

மற்றொரு வகை வினைபுரி சாயங்கள். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ராட்டி, ஸ்டீபன் என்னும் இரு வேதியியலாளர்களின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த இவை 1956இல் சந்தைக்கு வந்தன. காரக் கரைசலில் இந்தச் சாயம் செல்லுலோஸின் OH தொகுதியோடு வினைபுரிந்து சகப்பிணைப்பை உண்டாக்கும். நீங்கள் படிவம் 4 வேதியியலில் இக்காத்தான் கோவாலென் என்று படிப்பது இதைத்தான். சாயம் இழையின் மேல் ஒட்டியிருக்கவில்லை. இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. வெறும் நீரால் அதை எழுப்ப முடியாது.

இதை நம் நாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கிளந்தானிலும் திரங்கானுவிலும் தூரிகையால் பாத்தேக் தீட்டுபவர்கள் வினைபுரி சாயங்களையே பயன்படுத்துகிறார்கள். தீட்டி உலர்ந்த துணியின் மேல் சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசிப் பல மணி நேரம் விட்டுவிடுவார்கள். அந்தக் காரத்தில்தான் பிணைப்பு உண்டாகிறது. பிறகு துணியை மீண்டும் மீண்டும் அலசுவார்கள். அந்த அலசலில் வாய்க்கால் முழுதும் நிறம் ஓடும்.

ஏன் ஓடுகிறது? பிணைப்புதான் உண்டாகிவிட்டதே? இதில்தான் நல்ல சாயமிடலுக்கும் அரைகுறைச் சாயமிடலுக்கும் உள்ள வேறுபாடு ஒளிந்திருக்கிறது. சாயம் வினைபுரியக் காத்திருக்கும்போது பக்கத்தில் பருத்தி மட்டுமல்ல, நீரும் இருக்கிறது. சாயத்தின் ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்துவிடும். அப்படி ஆன மூலக்கூறால் இனிப் பருத்தியைப் பிடிக்க முடியாது. ஆனால் அது இழைகளுக்குள்ளேயே தங்கிக் கிடக்கும். ஆலையில் கொதிநிலைக்கு அருகிலுள்ள சோப்பு நீரில் பலமுறை அலசித்தான் அதை வெளியேற்ற வேண்டும். அதற்கு நீரும் எரிபொருளும் நேரமும் செலவாகும். அலசலைக் குறைத்தால் பணம் மிச்சம். மிச்சமான சாயம் உங்கள் வீட்டு வாளியில் வெளியேறும். ஆகவே பெட்டியில் 'வினைபுரி சாயம்' என்றிருந்தாலும் அது பாதிக் கதைதான்.

சோதிப்பது எளிது. வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை விரலில் சுற்றி, விரிப்பின் மேல் ஒரே கோட்டில் பத்து முறை முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு கைக்குட்டையின் வேறொரு பகுதியை நனைத்துப் பிழிந்து, வேறோர் இடத்தில் மறுபடி பத்து முறை. அனைத்துலகத் தரச் சோதனையிலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். அங்கே விரலுக்குப் பதில் 9 நியூட்டன் விசையோடு அழுத்தும் கருவி இருக்கும். கறையைச் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை.

எங்கள் சோதனையில் இளநீலம் ஈரக் கைக்குட்டையில் தெரியும்படியான தடம் எதையும் விடவில்லை. சிவப்பு, உலர்ந்த துணியில் இலேசாகவும் ஈரத் துணியில் நன்றாகவும் பதிந்தது. ஆனால் இதை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றுக்கு நிறைய சாயம் தேவை. ஆகவே நன்றாகச் சாயமிட்டிருந்தாலும் ஈரத்தில் கொஞ்சம் பதியும். முதல் சலவையில் நீர் நிறம் மாறுவதும் இயல்பு. கவனிக்க வேண்டியது அடுத்து வரும் சலவைகளை. ஒவ்வொரு முறையும் கடைசி அலசல் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது முறைகளில் நிறம் வேகமாகக் குறைந்தால், வெளியேறுவது ஆலையில் அலசாமல் விட்ட மிச்சம், விரைவில் தீர்ந்துவிடும். ஐந்தாவது முறையும் குவளை அதே சிவப்பாக இருந்தால், சாயத்துக்குப் பிடிப்பே இல்லை.

அந்த மாணவியின் சிவப்பு விரிப்பு மூன்றாவது அலசலில் ரோஸ் மில்க் நிறத்துக்கும், ஐந்தாவதில் ஏறக்குறையத் தெளிந்த நீருக்கும் வந்தது. சாயம் மோசமில்லை, அலசல்தான் குறை. அவள் நீலத்தை விடுதிக்கு எடுத்துப்போனாள். சிவப்பு, வீட்டில் குளிரூட்டி உள்ள அறைக்குப் போனது. அம்மாவுக்கும் மனத்தாங்கல் இல்லை.

பூப்போட்ட விரிப்புகளுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சில அச்சுகளில் நிறம் இழைக்குள் போவதே இல்லை. பசைபோன்ற ஒரு பொருளால் துணியின் மேல் ஒட்டியிருக்கும். பூ உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் மாறி மாறித் தடவுங்கள். பூ மட்டும் விறைப்பாக இருந்தால் அது ஒட்டு நிறம். அது சலவை நீரில் அதிகம் கரையாது. ஆனால் உரசும் இடங்களில் தேய்ந்து வெளிறும்.

கடையில் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்களே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பல கடைகளில் தொட்டுப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு தொங்கும். அதைக் கைப்பேசி விளக்கின் முன் பிடித்து நெசவைப் பார்க்கலாம். ஈரக் கைக்குட்டையால் தேய்க்க அனுமதி கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் அதே துணியில் தைத்த தலையணை உறை ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதில் எண்ணலாம், ஓரத்தில் ஒரு நூலை உருவலாம், ஐந்து முறை துவைத்துக் குவளைகளை வரிசையாக வைக்கலாம். பிடித்திருந்தால் விரிப்பு வாங்கலாம்.

சாயம் போகும் துணியை உப்பிலும் காடியிலும் ஊறப்போட்டால் நிறம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நீரில் மிதக்கும் சாயத்தை அது இழையின் பக்கம் தள்ளும். வாளியில் உப்பு இருக்கும்வரை சாயம் வெளியே வரத் தயங்கும். அதனால்தான் நீர் தெளிந்ததுபோல் தோன்றுகிறது. உப்பில்லாத நீரில் அடுத்த முறை துவைத்தால் மறுபடி போகும். உப்பு எந்தப் பிணைப்பையும் உண்டாக்குவதில்லை. காடி, கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படும் அமிலச் சாயங்களுக்கு உதவும் பொருள். பருத்தியில் அதற்கு வேலை இல்லை. ஆலை செய்யாமல் விட்ட அலசலை நீங்கள் செய்து முடிப்பதுதான் ஒரே வழி. துணி தாங்கும் அளவு சூடான நீர், கொஞ்சம் சலவைத்தூள், அந்த ஒரு விரிப்பு மட்டும். குவளையில் நீர் தெளியும்வரை அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவராதீர்கள்.